ரீடெய்னர் மணிக்கணக்கு ஒத்துப்போகவில்லையா? வித்தியாசம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள்

மாத ஆரம்பத்திலேயே இத்தனை மணி நேரத்துக்கு என்று பணம் வாங்கிவிடுகிறோம், மாதம் முழுக்க வேலை செய்கிறோம், மாதக் கடைசியில் மிச்சம் இவ்வளவு, கூடுதல் இவ்வளவு என்று ஒரு வரி எழுதி அனுப்புகிறோம். அந்த ஒரு வரியில்தான் தகராறு வருகிறது. கிளையன்ட் கையில் ஒரு எண், நம் கையில் ஒரு எண். உடனே இரண்டு பேரும் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, இந்த அழைப்பு அரை மணியா முக்கால் மணியா என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். அங்கே போகாதீர்கள், அதில் பாதி நாள் போய்விடும். முதலில் இரண்டு எண்ணுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைத் தனியாக எழுதி வைத்துப் பாருங்கள். அது முழு எண்ணா, ஏதாவது பழைய மாதத்து மிச்சத்தோடு அப்படியே ஒத்துப்போகிறதா, சில்லறையா, மாதாமாதம் வளர்கிறதா என்று பார்த்தாலே எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கீழே வருவதெல்லாம் ஒரே ஒப்பந்தத்தை வைத்துச் சொல்கிறேன். மாதம் 20 மணி, பணம் முன்கூட்டியே வந்துவிடும். பயன்படுத்தாத மணி அடுத்த ஒரு மாதத்துக்கு மட்டும் போகும், அதற்குள் செலவாகாவிட்டால் காலாவதி. 20ஐயும் கையில் இருக்கும் மிச்சத்தையும் தாண்டினால், தாண்டியதற்குத் தனி இன்வாய்ஸ். ரீடெய்னர் ஒப்பந்தங்களில் சகஜமாகப் பார்க்கிற அமைப்புதான் இது. உங்களுடையது வேறு மாதிரி இருந்தாலும் பிழைகள் இதே இடங்களில்தான் வரும்.

அறிகுறி: வித்தியாசம் ஒரு பழைய மாதத்து மிச்சத்துக்கு அப்படியே சமமாக இருக்கிறது

இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் இரண்டு பேர் கணக்கும் சரியாக இருக்கும், அப்படியும் விடை வேறாக வரும். எனக்கே நடந்தது. மார்ச் முடிந்து 4 மணி கூடுதல் என்று இன்வாய்ஸ் அனுப்பினேன். அந்தப் பக்கத்திலிருந்து அமைதியாக ஒரு பதில் வந்தது: “எங்கள் கணக்குப்படி இன்னும் 2 மணி மிச்சம் இருக்கிறதே?” நான் 4 அதிகம் என்கிறேன், அவர்கள் 2 மிச்சம் என்கிறார்கள், வித்தியாசம் 6 மணி. எந்த அழைப்பை எவ்வளவு குறைத்தாலும் 6 மணி வராது. பழைய மாதங்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஜனவரி மிச்சம் சரியாக 6.

நடந்தது இதுதான். ஜனவரியில் 14 மணி வேலை, 6 மிச்சம். பிப்ரவரியில் 17 மணி. மார்ச்சில் 27 மணி. இந்த மூன்று எண்ணிலும் இருவருக்கும் சண்டையே இல்லை. பிப்ரவரியில் அந்த 17 மணியை எதிலிருந்து கழிப்பது என்பதில்தான் இருவரும் பிரிந்தோம்.

அவர்கள் பழைய மணியை முதலில் கழித்தார்கள். ஜனவரியிலிருந்து வந்த 6 முதலில் தீர்ந்தது, பாக்கி 11 மட்டும் பிப்ரவரியின் 20இல் போனது, ஆக 9 மணி மார்ச்சுக்கு வந்தது. மார்ச்சில் அந்த 9, அப்புறம் மார்ச்சின் 20இல் 18, மொத்தம் 27. மிச்சம் 2.

நான் புதிய மணியை முதலில் கழித்தேன். பிப்ரவரியின் 17ஐயும் பிப்ரவரியின் 20இலேயே கழித்துவிட்டேன், 3 மிச்சம். ஜனவரியின் 6 தொடப்படாமலேயே பிப்ரவரி கடைசியில் காலாவதியானது. மார்ச்சில் 20ம் 3ம் சேர்ந்து 23, வேலை 27, கூடுதல் 4.

ஒப்பந்தத்தில் “பயன்படுத்தாத மணி அடுத்த மாதத்துக்குச் செல்லும்” என்று எழுதியிருந்தோம். எது முதலில் கழியும் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அந்த 4 மணி இன்வாய்ஸை நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன், 2 மணி மிச்சத்தையும் ஒப்புக்கொண்டேன். ஒப்பந்தம் வாய் திறக்காத இடத்தில் பழையது முதலில் என்பதுதான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். புதியது முதலில் என்று வைத்தால், ஒரு மாதம் 20ஐத் தாண்டினால் மட்டுமே பழைய மிச்சம் உபயோகப்படும், மற்ற மாதங்களில் கொடுத்ததாகச் சொன்ன மணி கைக்கு எட்டாமலேயே போய்விடும். மிச்சம் என்பது நெருக்கடி மாதத்துக்கான சேமிப்பு மட்டுமே என்று இரு பக்கமும் பேசி ஒத்துக்கொண்டிருந்தால் அது வேறு விஷயம், அப்போது அதை எழுத்தில் வையுங்கள். ஒரு வாக்கியம் போதும்: “ஒவ்வொரு மாதமும் முந்தைய மாத மிச்சம் முதலில் கழிக்கப்படும், அது தீர்ந்த பிறகே நடப்பு மாத மணி கழிக்கப்படும்.”

ஷீட்டில் இதைச் சரியாக வைக்க, ஒரே ஒரு ‘மீதி’ நெடுவரிசை போதாது. வந்த மிச்சம் தனி, இந்த மாத மணி தனி என்று பிரிக்க வேண்டும். நான் வைத்திருப்பது இப்படி: A மாதம் (மாதத்தின் முதல் தேதி), B வந்த மிச்சம், C இந்த மாத மணி, D செலவான மணி, E மிச்சத்திலிருந்து கழித்தது, F இந்த மாதத்திலிருந்து கழித்தது, G கூடுதல், H காலாவதி, I அடுத்த மாதத்துக்குப் போவது.

```
E2: =MIN(B2,D2)
F2: =MIN(C2,D2-E2)
G2: =D2-E2-F2
H2: =B2-E2
I2: =C2-F2
B3: =I2
```

புதியது முதலில் என்று ஒப்பந்தம் சொன்னால் இரண்டு வரி மட்டும் மாறும்: F2இல் `=MIN(C2,D2)`, E2இல் `=MIN(B2,D2-F2)`. எந்த முறை என்று தெரியாமல் குழம்பினால் ஷீட்டை நகல் எடுத்து இரண்டு முறையிலும் ஓட்டிப் பாருங்கள். கிளையன்ட் சொல்லும் எண் இரண்டில் ஒன்றில் அப்படியே வந்து நின்றால், பதிவுகளைத் திறக்கவே வேண்டாம், பேச வேண்டியது ஒப்பந்தத்தைப் பற்றித்தான்.

J நெடுவரிசையில் ஒரு சரிபார்ப்பும் வையுங்கள்:

```
J2: =ROUND(B2+C2+G2-D2-H2-I2,2)
```

இது எப்போதும் 0 வர வேண்டும். சூத்திரங்கள் அப்படியே இருந்தால் தானாக 0 வந்துவிடும், அதனால் இது உங்கள் கொள்கை சரியா தவறா என்று சொல்லாது. யாராவது G, H, I கட்டங்களில் ஒன்றில் சூத்திரத்தை அழித்துவிட்டு வேறு எண்ணைத் தட்டியிருந்தால் அதைக் காட்டிக்கொடுக்கும். மாதக் கடைசி அவசரத்தில் இது நிறையவே நடக்கிறது, காலாவதி கட்டத்தில் “இந்தத் தடவை 0 என்று வைத்துக்கொள்வோம்” என்று தட்டிவிட்டு மறந்துபோவார்கள்.

அறிகுறி: கூடுதல் மணிக்குப் பணம் கட்டியும் அடுத்த மாதம் குறைவாகத் தொடங்குகிறது

அதே கிளையன்ட், ஏப்ரல். கையில் 2 மிச்சம், புதிதாக 20, வேலை 25 மணி. கூடுதல் 3. அதற்கு இன்வாய்ஸ் போனது, பணமும் வந்தது. இதுவரை சரி.

ஆனால் ஷீட்டில் பழைய பாணியில் ஒரே மீதி நெடுவரிசை இருந்தால், அது 2 + 20 − 25 என்று போட்டு −3 என்று நிற்கும். மே மாதம் அந்த −3இலிருந்து தொடங்கும். மே மாதத்துக்கு 20 வந்ததும் 17 ஆகிறது. மே மாதத்தில் வேலை 19 மணி. ஷீட் 2 மணி கூடுதல் என்கிறது, அதற்கும் இன்வாய்ஸ் போகிறது. உண்மையில் மே மாதத்தில் 20இல் 19தான் செலவு, 1 மணி மிச்சம் இருக்க வேண்டும். ஏப்ரலின் அதே 3 மணியைக் கிளையன்ட் இரண்டு தடவை கொடுத்திருக்கிறார்: 2 மணியைப் பணமாக, 1 மணியை இழந்த மிச்சமாக. இரண்டாகப் பிரிந்து போவதால்தான் இதைச் சட்டென்று யாரும் கண்டுபிடிப்பதில்லை. மே இன்வாய்ஸில் 2 என்று இருக்கிறது, ஏப்ரலில் 3 என்று இருந்தது, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும்.

எப்படித் தெரிந்துகொள்வது: மாதத் தொடக்க மிச்சம் எங்காவது மைனஸில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அதற்கு முந்தைய மாதத்துக்குக் கூடுதல் இன்வாய்ஸ் போயிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் இரட்டைக் கணக்குதான். மேலே கொடுத்த சூத்திரங்களில் I நெடுவரிசை 0க்குக் கீழே போகவே போகாது, கூடுதல் மணி G என்ற தனி இடத்துக்குப் போய்விடும், அதனால் இந்தப் பிழைக்கு அங்கே வழியில்லை.

சில ஒப்பந்தங்களில் கூடுதல் மணிக்கு இன்வாய்ஸ் கிடையாது, அடுத்த மாத 20இலிருந்து முன்கூட்டி எடுத்துக்கொள்வார்கள். அதுவும் செல்லும், ஆனால் அப்போது இன்வாய்ஸே போகக் கூடாது. எந்த ஒரு கூடுதல் மணிக்கும் ஒன்று இன்வாய்ஸ், இல்லாவிட்டால் அடுத்த மாதக் கழிவு; எது என்பதை அந்த மாதத்தை மூடும்போதே அந்த வரியின் பக்கத்தில் எழுதிவிடுங்கள். முன்கூட்டி எடுத்த மணி தொடர்ந்து மூன்று மாதம் வருகிறதென்றால் 20 மணி என்பதே போதவில்லை என்று அர்த்தம், அளவை மாற்றிப் பேச வேண்டிய நேரம் அது.

அறிகுறி: மிச்சம் ஏறிக்கொண்டே போகிறது

ஒரு மாதக் காலாவதி இருக்கும் ஒப்பந்தத்தில், அடுத்த மாதத்துக்குப் போகும் மிச்சம் ஒருநாளும் அந்த மாதத்து 20ஐத் தாண்ட முடியாது. எந்த மாதத்திலும் கையில் இருக்கும் மொத்தம் 40ஐத் தாண்ட முடியாது. தாண்டியிருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், காலாவதி கழிக்கப்படவே இல்லை.

கதையைத் தொடர்கிறேன். ஜூனுக்கு 1 மணி வந்தது, வேலை 8. அந்த 1 முதலில், அப்புறம் 20இல் 7, ஜூலைக்குப் போவது 13. ஜூலையில் வேலை 6 மட்டும். 13இல் 6 கழிகிறது, பாக்கி 7 காலாவதி, ஜூலையின் 20 தொடப்படாமல் ஆகஸ்டுக்குப் போகிறது. ஆகஸ்டில் வேலை 9. 20இல் 9 கழிந்து 11 காலாவதி, ஆகஸ்டின் 20 அப்படியே செப்டம்பருக்கு. ஆக செப்டம்பர் தொடங்கும்போது கையில் 40.

கூட்டிக் கழித்துக்கொண்டே போகும் மீதி என்ன சொல்லும்? ஜூன் கடைசியில் 13, ஜூலை கடைசியில் 27, ஆகஸ்ட் கடைசியில் 38. செப்டம்பருக்கு 58 மணி இருப்பதாகக் காட்டும். கிளையன்டுக்கு நீங்கள் அனுப்பும் மாத அறிக்கையில் 38 என்று போயிருந்தால், நியாயமாகவே அவர் அதை நம்பி ஒரு பெரிய வேலையைத் திட்டமிட்டிருப்பார். காலாவதி விதி ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று அப்போது சொல்வது மிகச் சங்கடம். அதனால் மாத அறிக்கையில் மிச்சத்தை ஒரே எண்ணாகப் போடாமல், எது எப்போது காலாவதியாகும் என்றும் சேர்த்துப் போடுங்கள்: “கையில் 40 மணி. அதில் 20 செப்டம்பர் 30 வரை, 20 அக்டோபர் 31 வரை.” 11 மணி காலாவதியானதையும் மறைக்காமல் ஒரு வரியாகக் காட்டுங்கள். ஆகஸ்டில் 11 போனது தெரிந்தால் செப்டம்பரில் அவர்களே வேலையை முன்னால் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. காலாவதி மணியைக் கையால் ஒரு வரி போட்டுக் கழித்துவிட்டு, சூத்திரமும் கழித்துவிடும். அப்போது வித்தியாசம் H நெடுவரிசையின் ஏதோ ஒரு எண்ணுக்கு அப்படியே சமமாக இருக்கும்.

அறிகுறி: சில்லறை வித்தியாசம், மாதத்துக்கு மாதம் வேறு வேறு

இதற்கு இரண்டு காரணம் உண்டு, இரண்டையும் பதிவுகளின் நெடுவரிசையை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாலே பிரித்துவிடலாம்.

புள்ளிக்குப் பின்னால் .15, .30, .45 என்று மட்டுமே வருகிறதா? அப்படியென்றால் யாரோ 1 மணி 30 நிமிடத்தை 1.30 என்று தட்டுகிறார்கள். ஷீட்டுக்கு அது 1.3 மணி, அதாவது 1 மணி 18 நிமிடம். ஒரு பதிவில் 12 நிமிடம் காணாமல் போகிறது. மாதத்தில் அந்த மாதிரி பத்துப் பதிவு இருந்தால் 2 மணி நேரம். சரியாகப் பதிவு செய்தவரிடம் .25, .5, .75 என்று இருக்கும். ஏற்கெனவே தட்டியதை நிமிடமாக மாற்ற:

```
=INT(A2)*60+ROUND((A2-INT(A2))*100,0)
```

மாற்றுவதற்கு முன்னால், அந்த நெடுவரிசையில் இரண்டு பழக்கமும் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் 1.5 என்றும் இன்னொருவர் 1.30 என்றும் தட்டியிருந்தால் இந்தச் சூத்திரம் 1.5ஐ 1 மணி 50 நிமிடம் ஆக்கிவிடும். யார் தட்டியது என்று பார்த்துப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும். இனிமேல் எல்லாரும் நிமிடத்திலேயே எழுதட்டும், 90 என்று எழுதினால் அதை யாரும் தப்பாகப் படிக்க மாட்டார்கள்.

எல்லாப் பதிவும் 15இன் மடங்காகவே இருக்கிறது, பதிவுகளின் எண்ணிக்கை கூடக்கூட வித்தியாசமும் கூடுகிறது என்றால், காரணம் முழுமைப்படுத்துவது. ஒரே நாளில் ஐந்து சின்ன வேலைகள் என்று வையுங்கள்: 4, 7, 3, 12, 6 நிமிடம். உண்மையில் 32 நிமிடம். ஒவ்வொன்றையும் 15க்கு ஏற்றினால் 75. நாள் மொத்தத்தை 15க்கு ஏற்றினால் 45. ஒவ்வொன்றையும் 6 நிமிடத்துக்கு ஏற்றினால் 42. ஒரே நாளில் ஒரே வேலைக்கு மூன்று எண். கிளையன்ட் தன் பக்கத்தில் மின்னஞ்சல் நேரங்களை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் அவரிடம் நான்காவதாக ஒரு எண் இருக்கும்.

என் வழக்கம் நாள் மொத்தத்தை ஏற்றுவது. நாலு நிமிட மின்னஞ்சலுக்குக் கால் மணி என்று பார்க்கும் கிளையன்ட் அடுத்து மின்னஞ்சல் அனுப்பவே தயங்குவார், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவார், அதனால் வேலைதான் கெடும். எந்த முறையானாலும், உண்மையான நிமிடம் ஒரு நெடுவரிசையிலும் ஏற்றிய நிமிடம் இன்னொன்றிலும் இருக்க வேண்டும். நாளுக்கு ஒரு வரியாக அந்த நாளின் மொத்த நிமிடம் C2இல் இருந்தால் `=CEILING(C2,15)` என்று இரண்டாவதில் வையுங்கள், முதலாவதைத் தொடாதீர்கள். ஏற்றிய எண்ணை மட்டும் வைத்திருந்தால், சந்தேகம் வரும் நாளில் திரும்பிப் போக வழியே இருக்காது.

அறிகுறி: மாத மொத்தம் 26:30 வர வேண்டிய இடத்தில் 2:30 என்று நிற்கிறது

பதிவுகளை 1:30, 0:45 என்று நேர வடிவில் தட்டுகிறவர்களுக்கு வருவது. மணி 24ஐத் தொட்டதும் கட்டம் மறுபடி 0இலிருந்து காட்டும், 26:30 என்பது 2:30 ஆகத் தெரியும். உள்ளே எண் சரியாகத்தான் இருக்கிறது, காட்டும் வடிவம்தான் தப்பு. கட்டத்தின் வடிவத்தை `[h]:mm` என்று மாற்றுங்கள். கணக்குக்கு எடுக்கும்போது 24ஆல் பெருக்கி, அந்தக் கட்டத்தின் வடிவத்தை General என்று வைத்தால் 26.5 என்று சாதாரண எண்ணாக வரும்.

மீதிக் கட்டத்தில் `#####` என்று நிறைந்திருந்தால், நெடுவரிசையை அகலப்படுத்திப் பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் அங்கே மைனஸ் நேரம் இருக்கிறது. எக்செல் சாதாரண அமைப்பில் மைனஸ் நேரத்தைக் காட்டாது. அந்தக் கட்டத்தையும் 24ஆல் பெருக்கி எண்ணாக்கிவிடுங்கள்.

அறிகுறி: மாதக் கடைசி வேலை மட்டும் விட்டுப்போகிறது

மாத மொத்தத்தை எடுக்கும் சூத்திரத்தைப் பாருங்கள். மாதக் கடைசித் தேதி வரை என்று `"<="&EOMONTH(A2,0)` போட்டிருந்தால், கடைசி நாள் நள்ளிரவு 0 மணியோடு அது நின்றுவிடும். பதிவில் தேதி மட்டும் இருந்தால் ஒன்றும் ஆகாது. நேரம் கணிக்கும் செயலியிலிருந்து எடுத்த பதிவில் தேதியோடு நேரமும் ஒட்டியிருக்கும், 31ஆம் தேதி மாலை 3 மணி என்பது 31ஆம் தேதி 0 மணியைவிடப் பெரியது, அதனால் அந்த நாள் முழுக்க வெளியே போய்விடும். அடுத்த மாதத்திலும் சேராது. அடுத்த மாதத்தின் முதல் தேதிக்குக் குறைவாக என்று எழுதினால் தீர்ந்தது:

```
D2: =SUMIFS(Log!C:C,Log!A:A,">="&A2,
  Log!A:A,"<"&EDATE(A2,1))/60
```

இங்கே Log தாளில் Aயில் வேலை செய்த தேதி, Cயில் நிமிடம் (ஏற்றிய நிமிடம் தனி நெடுவரிசையில் இருந்தால் C:Cக்குப் பதில் அதைக் கொடுங்கள்). இதற்குப் பிறகும் சில வரிகள் விட்டுப்போனால், அந்த வரிகளின் தேதி கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பெரும்பாலும் அது தேதி இல்லை, வெறும் எழுத்து. வேறு இடத்திலிருந்து நகல் எடுத்து ஒட்டியதில் வருவது; SUMIFS அதைக் கண்டுகொள்ளாது.

இன்னொன்று, இது சூத்திரத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. 30ஆம் தேதி செய்த வேலையை அடுத்த மாதம் 5ஆம் தேதி பதிவு செய்கிறோம். அதற்குள் மாத அறிக்கை போய்விட்டது, 3 மணி மிச்சம் என்று சொல்லிவிட்டோம், இப்போது ஷீட் 1 மணி என்கிறது. நான் வேலை செய்த தேதி, பதிவு செய்த தேதி என்று இரண்டு நெடுவரிசை வைக்கிறேன். மாதம் முடிந்து மூன்று நாள் பொறுத்து மூடுவேன், அதற்குள் வந்ததெல்லாம் பழைய மாதம். அதற்குப் பிறகு வந்தது நடப்பு மாதத்தில், உண்மையான தேதியைக் குறிப்பில் எழுதி. மூடிய மாதத்தின் எண் மாறவே கூடாது.

அறிகுறி: கணக்கு சரி, ஆனாலும் கூடுதல் இன்வாய்ஸைப் பார்த்ததும் கிளையன்ட் அதிர்ந்துபோகிறார்

இங்கே ஷீட்டில் பிழை இல்லை, தாமதத்தில்தான் பிழை. மாதக் கடைசியில் “5 மணி கூடுதல்” என்று சொல்லும்போது அவரால் செய்ய முடிந்தது பணம் கட்டுவது மட்டும்தான். மாத நடுவில் சொல்லியிருந்தால் வேலையைத் தள்ளிப்போடலாம், எதையாவது விடலாம்.

வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டத்தைக் கணக்குப் போடுங்கள். 30 நாள் மாதத்தில் 12ஆம் தேதி 11 மணி ஆகியிருந்தால், இதே வேகத்தில் போனால் 11 ÷ 12 × 30, அதாவது 27.5. கையில் இருப்பது 20 மட்டும் என்றால் அன்றே எழுத வேண்டும். வந்த மிச்சம் 9 இருந்தால் மொத்தம் 29, அன்று எழுத அவசியமில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம். முக்கால்வாசி தீர்ந்ததும் எப்படியும் ஒரு தகவல் போக வேண்டும். நான் அனுப்புவது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

“வணக்கம். இந்த மாதம் இதுவரை 15 மணி ஆகியிருக்கிறது, 5 மணி மீதம். கையில் இருக்கும் வேலைக்கு இன்னும் சுமார் 8 மணி ஆகும். 3 மணி கூடுதலாகச் செய்யட்டுமா, இல்லை அறிக்கையின் கடைசிப் பகுதியை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாமா? நீங்கள் சொல்வதற்குள் 20ஐத் தாண்ட மாட்டேன்.”

கடைசி வாக்கியத்தை எழுதினால் அதைக் காப்பாற்றுங்கள். பதில் வராமல் செய்த கூடுதல் மணிக்குப் பணம் கேட்பது கஷ்டம், கேட்டாலும் மனத்தாங்கல்தான்.

பழைய பிழையைக் கண்டுபிடித்தாகிவிட்டது, இப்போது எப்படித் திருத்துவது

மே மாதத்தில் நடந்த அந்த இரட்டைக் கணக்கை செப்டம்பரில்தான் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மே வரியைத் திறந்து மாற்றாதீர்கள். கிளையன்டிடம் இருக்கும் மே முதல் ஆகஸ்ட் வரையிலான நான்கு மாத அறிக்கைகளும் உங்கள் ஷீட்டும் அந்த நொடியிலிருந்து பொருந்தாமல் போய்விடும். ஷீட்டை நகல் எடுங்கள். நகலில் பிழை தொடங்கிய மாதத்தைச் சரிசெய்து, இன்று வரை ஓட்டுங்கள். ஒவ்வொரு மாதத்திலும் கூடுதல், காலாவதி, போகும் மிச்சம் மூன்றும் எவ்வளவு மாறின என்று பாருங்கள்.

இந்தக் கணக்கில் அனுப்பிய அறிக்கைகள் மே மாதத்து −2ஐ இன்வாய்ஸோடு விட்டுவிட்டு ஜூனை 0 மிச்சத்தோடு தொடங்கின என்று வையுங்கள், நகல் 1 மணியோடு தொடங்குகிறது. மே மாதக் கூடுதல் 2 தப்பு, அது பணமாகத் திரும்பிப் போக வேண்டும், அதற்கு ஒரு கிரெடிட் நோட் எழுதுங்கள். இழந்த அந்த 1 மணி எங்கே போனது என்று பின்தொடர்ந்தால், ஜூலைக்குப் போக வேண்டிய மிச்சம் 12க்குப் பதில் 13 ஆகிறது, ஜூலைக் காலாவதி 6க்குப் பதில் 7 ஆகிறது, ஆகஸ்டுக்குப் போவது இரண்டிலும் 20தான். அதாவது அந்த 1 மணி கொடுக்கப்பட்டிருந்தாலும் ஜூலையில் காலாவதியாகியிருக்கும். விதிப்படி திருப்பித் தர வேண்டியது 2 மணிக்கான பணம் மட்டுமே. நான் அந்த 1 மணியையும் செப்டம்பரில் சேர்த்துக் கொடுப்பேன், ஏனென்றால் அந்த மணி தனக்கு இருந்தது என்று தெரிந்திருந்தால் ஜூனிலோ ஜூலையிலோ அவர் ஒரு வேலை சொல்லியிருக்கலாம். செப்டம்பரின் C கட்டத்தில் 21 என்று போட்டு, பக்கத்தில் காரணத்தையும் தேதியையும் ஒரு வரியில் எழுதி, இரண்டு ஷீட்டையும் இணைத்து அனுப்பிவிடுவேன்.